மதராஸ் படைச் சிப்பாய்: ஏழு ரூபாய்ச் சம்பளத்தில் கைக்கு வந்தது எவ்வளவு?

நெல்வயல்

வேலூர் 1806 பற்றி எங்கே படித்தாலும் தலைப்பாகை, தோல் சின்னம், திப்புவின் பிள்ளைகள் என்று நேரே சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சிப்பாய்கள் யார், கும்பினிப் பட்டாளத்தில் எப்படிச் சேர்ந்தார்கள், என்ன கவாத்து பழகினார்கள், குடும்பம் எங்கே இருந்தது என்பதெல்லாம் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. "மாதம் ஏழு ரூபாய்" என்பது மட்டும் எல்லா இடத்திலும் வருகிறது. அது நல்ல சம்பளமா? நல்ல சம்பளம் என்றால் ஒரு தலைப்பாகைக்காக ஏன் அத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள்? வங்காளப் படை பற்றி வேண்டாம், மதராஸ் படை பற்றி மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழங்கணக்கு

சேர்க்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

1740களில் கும்பினியிடம் இருந்தவர்கள் கூலிக் காவலர்கள். அவரவர் தலைவனின் கீழ், அவரவர் ஆயுதத்தோடு வந்தவர்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரிய படையை அவர்களுடைய சின்னப் படை விரட்டியது. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் கவாத்து என்ன செய்யும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். உள்ளூர் ஆட்களை அந்த முறையில் பழக்குவதிலும் பிரெஞ்சுக்காரர்கள்தான் முன்னால் போனார்கள். 1748 தொடக்கத்தில் கடலூருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கினார். அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயர் சிப்பாய்களைக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக்கு என்று அடுக்கு உண்டானது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த சமயத்தில் கம்பெனிகளைச் சேர்த்துப் பட்டாளங்களாக்கினார்கள்.

ஆரம்பத்தில் ஆள் சேர்த்தது சுபேதார்தான். அவன் தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவருவான், அவர்கள் அவனுக்குக் கட்டுப்பட்டிருப்பார்கள். கும்பினிக்கு இது சௌகரியம்தான், ஆனால் பயமும் கூட. சுபேதார் மனம் மாறினால் கம்பெனியே மாறிவிடும். யூசுப் கான் என்கிற மருதநாயகம் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டண்டாக உயர்ந்து, பிறகு கும்பினியையே எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டது இந்தப் பயத்தை நிலைக்கவைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர்த் தலைவர்களின் கையிலிருந்து அதிகாரத்தை எடுத்தார்கள். 1796 சீரமைப்பில் ஒரு பட்டாளத்துக்கு வந்த வெள்ளை அதிகாரிகளின் எண்ணிக்கை நன்றாக ஏறியது. முப்பது வருஷம் உழைத்த சுபேதாரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய பையன் அதிகாரிக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

பிற்காலச் சேர்க்கை இப்படி நடந்தது. ஓர் அவில்தாரும் இரண்டு மூன்று சிப்பாய்களும் கையில் முன்பணத்தோடு ஊர்ப்பக்கம் போவார்கள். இன்னொரு வழி, விடுப்பில் போகும் சிப்பாய் தம்பியையோ மருமகனையோ கூட்டிவருவது. பட்டாளத்தார் விரும்பியது இரண்டாவதைத்தான், கூட்டிவந்தவனே அவனுக்குப் பொறுப்பு என்பதால். மருத்துவர் பார்த்து, உயரம் அளந்து, பேரேட்டில் பெயர், ஊர், சாதி, அங்க அடையாளம் எழுதுவார்கள். கவாத்து தேறிய பிறகு கொடிக்கு முன்னால் நிறுத்தி அவரவர் மத வழக்கப்படி சத்தியம் வாங்குவார்கள்.

இனி பணம். சம்பளம் மாதம் இரண்டு வராகன். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்ற கணக்கில் அதுதான் அந்த ஏழு ரூபாய். அதில் முதல் பிடித்தம் உடுப்பு. சிவப்புக் கோட்டைக் கும்பினி கொடுக்கும். தலைப்பாகை, உள்சட்டை, அரைக்கால்சட்டை, செருப்பு போன்ற சில்லறைகளுக்குச் சிப்பாயின் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். இரண்டாவது, காசு மாற்றும் நஷ்டம். வராகனுக்கு 42 பணம் என்பது கும்பினிக் கணக்கு, கடைத்தெருவில் காசு மாற்றும் சராப்பு சொல்லும் விலை வேறு. மூன்றாவது சோறு. வெள்ளைச் சோல்ஜருக்குக் கிடைத்த மாதிரி சாப்பாடு சிப்பாய்க்கு வராது. அரிசி, புளி, விறகு எல்லாம் அவனே பட்டாளத்துக் கடைத்தெருவில் வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும்.

இருந்தும் ஆள் வந்தான். நவாபின் படையில் சம்பளம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பாக்கி நிற்கும். கும்பினியில் அனேகமாகத் தவறாது. ஹைதர் அலியோடு 1780இலிருந்து நடந்த போரில் கும்பினியும் பாக்கி வைத்தது, பட்டாளங்களில் உடனே முணுமுணுப்பு கிளம்பியது. சிப்பாய் தொகையைவிடத் தேதியைத்தான் நம்பிச் சேர்ந்தான் என்பது என் எண்ணம்.

பொருநை

நல்ல பதிவு ஐயா. ஒன்று சேர்க்கிறேன். மதராஸ் சிப்பாய்க்கும் வங்காளச் சிப்பாய்க்கும் பெரிய வித்தியாசமே கடல்தான். வங்காளத்தில் மேல்சாதிக்காரர்கள், கடல் தாண்டினால் சாதி போகும் என்று மறுத்தார்கள். மதராஸ்காரர்களுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. 1762இல் மணிலா, 1811இல் ஜாவா, 1824இல் பர்மா, 1840இல் சீனா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கப்பல் ஏறினார்கள். அதனால் சாதி, மதப் பிரச்சினை மதராஸ் படையில் பெரிதாக இல்லை. வேலூரில் நடந்தது திப்பு குடும்பமும் பாளையக்காரர் ஆட்களும் சேர்ந்து திட்டமிட்ட அரசியல் எழுச்சி. தலைப்பாகை வெறும் சாக்கு.

பழங்கணக்கு

போர்கள், வருஷங்கள் எல்லாம் சரி. தயக்கமே கிடையாது என்பது சரியில்லை. 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஹைதரை எதிர்க்க வடசர்க்கார்ப் பட்டாளத்தின் கிரனேடியர்களைக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஏற மாட்டோம் என்று திரும்பி அதிகாரிகளைச் சுட்டார்கள். அது வெளிநாடு கூட இல்லை, இதே கரையோரம் சென்னை வரைக்கும்தான்.

பிறகு நிலைமை மாறியதென்றால், கடலுக்குப் போகிறவனின் வீட்டுக்கு என்ன வழி என்பதைக் கும்பினி ஒழுங்குபடுத்தியதால்தான். மதராஸ் சிப்பாய் குடும்பத்தோடு இருந்தவன். வங்காளச் சிப்பாய் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு விடுப்பில் போய்ப் பார்த்து வருவான். இங்கே மனைவி, பிள்ளை, விதவைத் தாய், சில வீடுகளில் தங்கையும் சேர்ந்து, பட்டாளத்து லைனில் அவனே கட்டிய குடிசையில் இருப்பார்கள். அதனால் கடல் தாண்டும்போது சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாம். பெயர் குறித்த உறவினரிடம் மாதாமாதம் இங்கேயே கொடுப்பார்கள். போரில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே பேரேட்டில் ஏற்றிச் சின்னச் சம்பளம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பையன் வளர்ந்ததும் நேராக வரிசையில் நிற்பான்.

சௌகரியமும் தொல்லையும் இதிலேயே சேர்ந்திருந்தன. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பட்டாளம் ஊர் மாறும். திருச்சியிலிருந்து நாகபுரிப் பக்கம் போக வேண்டுமானால் தன் மூட்டை, குடும்பம் எல்லாவற்றுக்கும் சிப்பாய்தான் வண்டி பிடிக்க வேண்டும். விடியலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கிளம்பி, வெயில் ஏறுமுன் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து முகாம் போடுவார்கள். பின்னால் வண்டிகள். போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி குடிசை போட வேண்டும். பழைய குடிசையை வந்த விலைக்கு விற்றிருப்பான், புதியதற்குக் கடன் வாங்குவான். மதராஸ் சிப்பாயின் கடனில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

போர்க்களத்திலும் தூர ஊர்களிலும் கிடைத்த பத்தாப் படி அதனால்தான் உயிர்நாடி. ஏழு ரூபாய் எங்கும் ஒன்றே, வீடு இரண்டாகப் பிரிந்தால் செலவு இரண்டாகும், அந்த இடைவெளியை நிரப்பியது பத்தா. அதில் கைவைத்த போதெல்லாம் கலகம் வந்திருக்கிறது. 1840களில் சிந்துப் பக்கம் அனுப்பிய மதராஸ் பட்டாளத்தில் வந்த தகராறும் முழுக்கப் பத்தாவைப் பற்றியதுதான்.

செங்குன்றம் வாசு

எங்க கொள்ளுத்தாத்தா மெசபடோமியா போனவர். 1916. அவரோட பதக்கம் இன்னும் வீட்டில் இருக்கு. மாசம் 11 ரூபாய் சம்பளம்னு பாட்டி சொல்வாங்க. இங்க ஏழு ரூபாய்னு போட்டிருக்கீங்க. யாராவது தப்பா எழுதிட்டாங்களா? அவர் இருந்ததும் மதராஸ் படைதான்.

பழங்கணக்கு

உங்கள் பாட்டி சொன்னது சரிதான் வாசு. முதல் உலகப் போர் தொடங்கியபோது காலாட்படைச் சிப்பாய்க்கு 11 ரூபாய். ஆனால் அது வேறு படை. சென்னை, பம்பாய், வங்காளம் என்று தனித்தனியாக இருந்த படைகளை 1895இல் ஒன்றாக்கிவிட்டார்கள். இங்கே நாங்கள் பேசுவது அதற்கு நூறு வருஷம் முந்தைய கும்பினிப் படை. பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அதை வைத்துத் தனி இழை தொடங்கினால் உதவுகிறேன்.

துருவன்

கவாத்து பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். துப்பாக்கிதான் என் ஈடுபாடு.

புதிதாக வந்தவனுக்கு முதலில் துப்பாக்கி கிடையாது. நிற்பது, திரும்புவது, நடப்பது. 1790களுக்குப் பிறகு ஆங்கிலப் படை முழுவதும் டண்டாஸ் வகுத்த ஒரே முறை. ஓர் எட்டு 30 அங்குலம். சாதாரண நடைக்கு நிமிஷத்துக்கு 75 எட்டு, வேக நடைக்கு 108. வயல் வரப்பில் நடந்து பழகியவனுக்கு இந்த 75 மிகவும் மெதுவானது. முட்டியை விறைப்பாக வைத்து மெதுவாக நடப்பது ஓடுவதைவிடக் கஷ்டம். வரிசை வளைவதும் இடைவெளி விழுவதும் இங்கேதான். இரண்டு பேருக்கு நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தால் குதிரைப்படை அதற்குள் புகும். அதனால்தான் மாதக்கணக்கில் இதையே செய்தார்கள். கட்டளைகள் ஆங்கிலத்தில். விளக்கம் கவாத்து அவில்தாரின் வாயிலிருந்து. வெள்ளை அதிகாரி படித்த நாட்டு மொழி இந்துஸ்தானி. வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஆக, சிப்பாய் சொல்வது அதிகாரிக்குப் போவதும் அதிகாரி சொல்வது சிப்பாய்க்கு வருவதும் அவில்தார், ஜமேதார் வழியாகத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேலூர் பேசும்போது வேண்டியிருக்கும்.

பிறகு துப்பாக்கி. நாலரைக் கிலோ கனம், முக்கால் அங்குலக் குழல். கும்பினிக்காகவே 39 அங்குலக் குழலோடு ஒரு மாதிரி செய்தார்கள். விலையும் கனமும் குறைவு என்பதால் பிறகு ஆங்கில அரசின் படையே அதை எடுத்துக்கொண்டது. மருந்து கெட்டிக்கும் முறை இது. பையிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்துப் பல்லால் முனையைக் கிழிக்க வேண்டும். துப்பாக்கியின் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, குழலின் பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணத்தில் சிட்டிகை மருந்து போட்டு மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி மிச்ச மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே விட வேண்டும். கம்பியை உருவி இடித்து, கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருக வேண்டும். குதிரையை முழுக்க இழுத்தால் தயார். நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம். எண்பது நூறு கஜத்துக்கு அப்பால் குறி பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் குண்டு குழலைவிடச் சிறியது, ஆடிக்கொண்டேதான் வெளியே வரும். அத்தனை பேரும் சேர்ந்து சுட்டால்தான் பலன்.

பழக்கும்போது சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக மரத்துண்டு மாட்டிக் குதிரையைத் தட்டவிடுவார்கள். கல்லும் மிஞ்சும், இரும்பும் தேயாது. மருந்தும் குண்டும் செலவான விஷயம், அசல் சுடுதல் குறைவாகத்தான் நடக்கும்.

என்ன கெடும்? கல் இருபது முப்பது முறைக்குமேல் மழுங்கும், பொறி விழாது. கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து துளை அடைத்திருந்தால் குழலுக்குள் தீ போகாது. கூட்டத்தின் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே சிலருக்குத் தெரியாது, அதன் மேலேயே இரண்டாவது தோட்டாவை இடிப்பான். தெரிந்துகொள்ள ஒரே அடையாளம் கம்பி. இடித்த பிறகு வழக்கத்தைவிட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கவனிக்காமல் சுட்டால் குழல் வெடிக்கலாம். கவாத்து அவில்தார் வரிசையின் பின்னால் நடந்து பார்ப்பது இதைத்தான்.

மழை எல்லாவற்றையும்விட மோசம். 1841 மே 30ஆம் தேதி, சீனாவில் கான்டன் பக்கம் சான்யுவான்லியில் மதராஸ் 37ஆவது காலாட்படையின் ஒரு கம்பெனி, சுமார் அறுபது பேர், புயல்மழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். கிண்ணத்து மருந்து நனைந்துவிட்டது, ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சதுரமாக நின்று பயனெட்டை மட்டும் வைத்து, இருட்டும் வரை தாக்குப்பிடித்தார்கள். அவர்களைத் தேடிவந்து மீட்ட மரைன்களிடம் இருந்தது வெடிமருந்துத் தொப்பி வைத்துச் சுடும் புதுத் துப்பாக்கி, அதே மழையில் அது வெடித்தது. கடைசிவரை வரிசை குலையாமல் நின்றதற்கு அந்த 75 எட்டுக் கவாத்துதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நெல்வயல்

அருமை. இப்போது என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலைப்பாகை சாக்கா, காரணமா?

அகழிக்கரை

நான் வேலூர்க் கோட்டை பற்றி நிறையப் படித்தவள், வரிசையாகச் சொல்கிறேன்.

தளபதி ஜான் கிரடாக் காலத்தில் படை விதிகளைத் தொகுத்தபோது உள்ளே ஒரு பத்தி நுழைந்தது. உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடை மழித்திருக்க வேண்டும், மீசை முடிந்தவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதோடு புதுத் தலைப்பாகை. பழையது துணி சுற்றியது. புதியது வட்டமாகத் தொப்பிபோல, முன்னால் தோல் சின்னம். பட்டாளத்தில் அந்த மாதிரித் தொப்பி போட்டவர்கள் தம்பூர் அடிப்பவர்கள், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அதனால் சிப்பாய்க்கு அதன் அர்த்தம் உடனே விளங்கியது. தோல் என்ன மிருகத்துடையது என்ற சந்தேகம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்ந்தே வந்தது.

பழங்கணக்கு ஐயா சொன்ன குடும்ப விஷயத்தை இங்கே சேர்த்துப் பாருங்கள். இந்த ஆள் உடுப்போடு பேட்டைக்குத் திரும்பிப் போகிறான். மனைவி, மாமியார், பக்கத்துக் குடிசை எல்லோரும் பார்க்கிறார்கள். தொப்பிக்காரனாகிவிட்டான், இவன் வீட்டில் பெண் கொடுக்கலாமா, இவனோடு சாப்பிடலாமா என்ற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிடும். குடும்பம் ஊரில் இருந்திருந்தால் உடுப்பைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போயிருப்பான். மதராஸ் சிப்பாய்க்கு அந்த வழி இல்லை.

1806 மே மாதம் வேலூரில் இருந்த 4ஆவது ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. 21 பேரைப் பிடித்துச் சென்னையில் விசாரித்தார்கள். முஸ்லிம் ஒருவருக்கும் இந்து ஒருவருக்கும் தலா 900 கசையடி, வேலைநீக்கம். மற்ற 19 பேருக்குத் தலா 500 அடி, மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டார்கள். பட்டாளத்தை மாற்றி, 23ஆவது ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். மேலிடம் இதோடு முடிந்தது என்று நினைத்தது.

ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி ஃபோர்ப்ஸிடம் நேரே போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கச் சொன்னது நாட்டு அதிகாரிகளிடமே. அவர்கள் இவன் பைத்தியம் என்றார்கள், சங்கிலி போட்டு அடைத்தார்கள். துருவன் சொன்ன நடுவழி இதுதான். சிப்பாயிடமிருந்து வரும் எந்தச் செய்தியும் ஜமேதார், சுபேதார் வழியாகத்தான் மேலே போகும், அங்கே அடைத்துவிட்டால் வெள்ளை அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது.

ஜூலை 10ஆம் தேதி காலை 23ஆவதுக்குப் பெரிய கவாத்து. அப்படிப்பட்ட நாளுக்கு முந்திய இரவு சிப்பாய்கள் பேட்டைக் குடிசைகளுக்குப் போகாமல் கோட்டைக்குள்ளேயே படுப்பது வழக்கம். அதனால் அன்று உள்ளே வழக்கத்தைவிட அதிகம் பேர் இருந்தார்கள். விடியற்காலை இரண்டு மணிக்குமேல் ஆரம்பித்தது. 69ஆவது ரெஜிமென்ட்டின் வெள்ளைச் சோல்ஜர்கள் தூங்கிய கட்டடத்தைச் சன்னல் வழியாகச் சுட்டார்கள். கோட்டைத் தலைவர் ஃபான்கோர்ட் இறந்தார், நூறு வெள்ளையர் அளவில் செத்தார்கள். ஆனால் பொழுது விடிந்ததும் கொள்ளை தொடங்கியது, பலர் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள், வாயிலைக் காக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்துவிட்டார், பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன. சில நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சுடவும் வரிசை நிற்கவும் பழகியவர்களுக்குக் கோட்டையைக் காக்கக் கட்டளையிட ஓர் ஆள் இல்லாமல் போனது. 1796க்குப் பிறகு நாட்டு அதிகாரிகளிடம் பெரிய பொறுப்பே கொடுக்கவில்லை என்பதையும் இதோடு யோசியுங்கள்.

பொருநை

நீங்கள் எல்லாவற்றையும் உடுப்புப் பிரச்சினையாகச் சுருக்குகிறீர்கள் அம்மா. 23ஆவதில் தெற்கே பாளையக்காரர் படைகளில் இருந்தவர்கள் பலர். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799, மருது சகோதரர்கள் 1801. ஐந்தாறு வருஷத்தில் அதையெல்லாம் மறந்திருப்பார்களா? கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. அது தலைப்பாகைக்காகவா?

அகழிக்கரை

மறந்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடி ஏறியதும் உண்மை. என் சந்தேகம் வேறு. அதே சமயம் ஐதராபாத்தில் இருந்த மதராஸ் பட்டாளங்களிலும் இதே கொதிப்பு. அங்கே திப்புவின் பிள்ளைகள் இல்லை. படைத்தலைவர் மான்ட்ரெஸர் சென்னையிலிருந்து உத்தரவு வருமுன் தானாகவே உடுப்பு விதியை நிறுத்தினார், கொதிப்பு அடங்கியது. அரசியல்தான் வேர் என்றால் விதியை நிறுத்தியதும் ஏன் அடங்க வேண்டும்?

பொருநை

அங்கே அடங்கியது என்பதால் இங்கே அரசியல் இல்லை என்று ஆகாது. விசாரணைக் குழுவே இரண்டு காரணமும் சொன்னது, உடுப்பும் திப்பு குடும்பமும். நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பழங்கணக்கு

குழு எழுதியதைப் படிக்கும்போது யாருக்கு எது வசதி என்றும் பாருங்கள். திப்பு குடும்பம்தான் காரணம் என்றால் கிரடாக்குக்கும் கவர்னர் பென்டிங்குக்கும் பழி குறையும். கடைசியில் இரண்டு பேரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. உடுப்பு விதி நீக்கப்பட்டது, திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு காரணத்துக்கும் இரண்டு மருந்து. எது எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

கருவேலி

ஒரு கேள்வி. பறையர்கள் இந்தப் பட்டாளங்களில் இருந்தார்களா? இருந்ததாகக் கேள்விப்பட்டேன், பிறகு ஏன் காணோம்?

பழங்கணக்கு

இருந்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டாளங்களில் முஸ்லிம், தெலுங்கர், வேளாளர், பறையர் எல்லோரும் ஒரே வரிசை. பின்னால் காலாட்படை அவர்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. அதே சமயம் 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கி, 1831இல் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆன பிரிவில் அவர்கள் பெரும் பலமாக இருந்தார்கள். பாலம், அகழி, வெடி வைத்துக் கோட்டை உடைப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. 1881 முதல் 1885 வரை மதராஸ் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு ஏற்ற இனம் அல்லர் என்று முடிவுகட்டினார். அதன்பின் மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தும் வடக்கத்தியரைக்கொண்டு நிரப்பியும் வந்தார்கள். சாப்பர்களை மட்டும் தொட முடியவில்லை. சான்யுவான்லியில் அறுபது பேர் நின்றது அதற்குச் சுமார் நாற்பது வருஷம் முன்னால் நடந்ததுதான். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நெல்வயல்

கசையடி பற்றி ஒரு சந்தேகம். 900 அடி என்றால் ஆள் பிழைப்பானா? அதுவே கடைசிவரை தொடர்ந்ததா?

அகழிக்கரை

அடிக்கும்போது பட்டாளத்து மருத்துவர் பக்கத்தில் நிற்பார், தாங்க மாட்டான் என்றால் நிறுத்தச் சொல்லலாம். பென்டிங்க் பிறகு கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து, 1835இல் நாட்டுப் படைக்குக் கசையடியையே ஒழித்தார். வேலூர் நடந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவரே அவர்தான் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதில் வேலைநீக்கமே பெரிய தண்டனையானது. ஆனால் 1845இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் மறுபடி கொண்டுவந்தார். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு விசித்திரம். ஒரே முகாமில் வெள்ளைச் சோல்ஜருக்குக் கசையடி உண்டு, சிப்பாய்க்கு இல்லை.

துருவன்

இதோடு ஒன்று. சிப்பாய்க்கு வேலைநீக்கம் கசையடியைவிட லேசானது என்று நினைக்க வேண்டாம். ஓய்வூதியம் போய்விடும், லைனிலுள்ள குடிசையைக் காலி செய்ய வேண்டும், மகன் பெயர் பேரேட்டில் இருந்தால் அதுவும் ஆட்டம் காணும். இருபது வருஷம் வேலை பார்த்தவன் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ.

செங்குன்றம் வாசு

பதக்கத்தோட விளிம்பைப் பார்த்தேன் ஐயா. எண்ணுக்கு அடுத்து பதவி, பெயர், அப்புறம் "சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்"னு இருக்கு. தனி இழை போடுறேன்.